விற்காத மாட்டில் லாபம் எங்கிருந்து வருகிறது? பால்மாட்டு மந்தையைக் கணக்கில் மதிப்பிடும் முறை

செபராங் பிறையின் தென்பகுதியில் பால்மாட்டுப் பண்ணை நடத்தும் ஒருவரின் ஆண்டுக் கணக்கை முதன்முதலாக அவர் முன் வைத்து விளக்கியபோது, அவர் லாப நட்டக் கணக்கின் ஒரு வரியில் விரலை வைத்து, "தம்பி, இந்த மாடெல்லாம் இன்னும் கொட்டகையிலதானே நிக்குது? விக்காத மாட்டுல எங்கேருந்து லாபம் வந்துச்சு?" என்று கேட்டார். பட்டர்வொர்த்தில் பல ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களின் கணக்கைப் பார்த்துவரும் எனக்கு, வேளாண் கணக்கியலின் சாரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆகவே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இந்த விளக்கத்தைத் தொடங்குகிறேன்.

ஒரு கடைக்காரர் 10 மூட்டை அரிசி வாங்கி வைத்தால், ஆண்டு இறுதியில் விற்காதிருக்கும் மூட்டைகள் வாங்கிய விலையில் கணக்கில் நிற்கும். மூட்டை வளர்வதில்லை, குட்டி போடுவதுமில்லை. மாடு அப்படியன்று. ஜனவரியில் 1 வயதுக் கிடாரியாக நின்றது டிசம்பரில் சினைக் கிடாரியாக நிற்கும். வெளியே ஒரு விற்பனையும் நடக்காமலே பண்ணையின் செல்வம் கூடியிருக்கும். கன்று பிறந்தால், யாரிடமும் பணம் கொடுத்து வாங்காத ஒரு சொத்து கொட்டகைக்குள் வந்து சேரும். வாங்கிய விலையை மட்டும் எழுதும் முறையில் அந்தக் கன்றுக்குத் தனி மதிப்பே கிடைக்காது. இந்தக் குறையை நீக்குவதற்காகத்தான் வேளாண்மைக்கென்று தனியாக ஓர் உலகளாவிய கணக்கியல் தரநிலை எழுதப்பட்டு, 2003 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மலேசிய வடிவம் எம்எஃப்ஆர்எஸ் 141 என்பதாகும்.

அந்தத் தரநிலை சொல்வது இதுதான்: உயிருள்ள விலங்கும் செடியும் 'உயிரியல் சொத்து' ஆகும். அதனை ஒவ்வொரு கணக்கு முடிவு நாளிலும், அன்றைய நியாய மதிப்பிலிருந்து, அதாவது அன்று சந்தையில் கிடைக்கக்கூடிய விலையிலிருந்து, விற்பனைச் செலவைக் கழித்து வரும் தொகையில் காட்ட வேண்டும். முந்தைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு, விற்றாலும் விற்காவிட்டாலும், அந்த ஆண்டின் லாபத்திலோ நட்டத்திலோ சேரும். பண்ணைக்காரர் விரல் வைத்த வரி அந்த வேறுபாடுதான்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் நாட்டில் பலரும் அதனால்தான் குழம்புகிறார்கள். செம்பனை மரமும் உயிருள்ளதுதான், ஆண்டுக்கணக்கில் குலை தருவதுதான். ஆனால் 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பல ஆண்டுகள் விளைச்சல் தருவதற்காக வளர்க்கப்படுவதும், இறுதியில் கழிவாக விற்பதைத் தவிர மரமாகவே விற்கப்பட வாய்ப்பு மிகக் குறைந்ததுமான செடிகொடிகள், இயந்திரத்தையும் கட்டடத்தையும் போல நிலைச் சொத்துகளாகக் கருதப்பட்டுத் தேய்மானம் எழுதப்படுகின்றன. மரத்தில் தொங்கும் குலை மட்டும் இன்றும் உயிரியல் சொத்தாகவே மதிப்பிடப்படுகிறது. "மரத்துக்குத் தேய்மானம் என்றால் மாட்டுக்கும் அதுதானே?" என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அந்தத் திருத்தம் செடிகளுக்கு மட்டுமே உரியது. பால்மாடு பல ஆண்டுகள் கறந்தாலும், கறவை ஓய்ந்த பிறகு இறைச்சிக்காக விலை போகும், நடுவில் எந்த வயதிலும் அதற்குச் சந்தை உண்டு. ஆகவே மாடு நியாய மதிப்பிலேயே தொடர்கிறது.

இனி ஒரு மாட்டின் மதிப்பை எப்படிக் கண்டறிவது என்று பார்ப்போம். கீழே வரும் விலைகள் யாவும் கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. இன்றைய சந்தை நிலவரமாக அவற்றைக் கொள்ள வேண்டாம்.

அதே இனம், அதே வயது, அதே அளவு கறவையுள்ள ஒரு மாடு சந்தையில் 7,300 ரிங்கிட்டுக்குப் போகிறது என்க. பண்ணையிலிருந்து அதனை அங்கே கொண்டுசேர்க்க லாரிக் கூலி 150 ரிங்கிட், தரகு 150 ரிங்கிட். லாரிக் கூலி நியாய மதிப்பைக் கணக்கிடும்போதே கழிந்துவிடும், ஏனென்றால் மாடு எங்கே நிற்கிறது என்பதும் அதன் தன்மைகளுள் ஒன்று. ஆக நியாய மதிப்பு 7,150. தரகுதான் விற்பனைச் செலவு. அதனையும் கழித்தால் 7,000 ரிங்கிட் கணக்கில் ஏறும். லாரிக் கூலியை முதலில் ஒருமுறை கழித்துவிட்டு, பிறகு 'விற்பனைச் செலவு' என்ற தலைப்பில் மறுபடியும் கழித்துவிடுவது நான் அடிக்கடி திருத்தும் பிழை. 12 மாடுகளுள்ள பண்ணையில்கூட அது ஓர் ஆண்டின் லாபத்தில் 1,800 ரிங்கிட்டை விழுங்கிவிடும். வங்கிக் கடன் வட்டியையும் வருமான வரியையும் இந்தக் கணக்கில் கழிக்கவே கூடாது.

வேறொரு தடுமாற்றமும் உண்டு. பண்ணைக்காரர் பிப்ரவரியில் ஒரு கிடாரியை 6,500 ரிங்கிட்டுக்குக் கொடுப்பதாக ஒருவருடன் முன்கூட்டியே பேசி முடித்திருப்பார். டிசம்பர் 31 அன்று அந்த 6,500 ரிங்கிட்டைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஒப்பந்த விலை என்பது அந்த இருவருக்கிடையே பேசப்பட்டது. நியாய மதிப்போ அன்றைய சந்தையில் யாரும் யாருக்கும் கொடுக்கக்கூடிய விலை. இரண்டும் ஒன்றாக அமையலாம், அமையாமலும் போகலாம். ஆகையால் ஒப்பந்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் மதிப்பை மாற்றக் கூடாது.

மாடுகளை ஒவ்வொன்றாக மதிப்பிட வேண்டியதில்லை. சந்தை எந்தக் குணங்களைப் பார்த்து விலை வைக்கிறதோ அந்தக் குணங்களைக் கொண்டே பிரித்துக்கொள்ளலாம். பால்மாட்டில் அவை இனம், வயது, எத்தனையாவது ஈத்து, சினையா இல்லையா என்பவை. நம் பண்ணைகளில் பரவலாகக் காணும் ஃப்ரீசியன்-சாஹிவால் கலப்பு மாட்டையும் ஜெர்சிக் கலப்பு மாட்டையும் ஒரே விலையில் அடக்கிவிடக் கூடாது. சினை மாட்டின் வயிற்றிலிருக்கும் கன்றுக்குத் தனி மதிப்பு எழுதக் கூடாது. சினை என்பதற்காகச் சந்தை கொடுக்கும் கூடுதல் விலை மாட்டின் மதிப்பிலேயே அடங்கியிருக்கிறது. மடியிலிருக்கும் பாலும் அவ்வாறே.

இப்போது ஓர் ஆண்டை முழுமையாகப் பார்ப்போம். ஜனவரி 1 அன்று பண்ணையில் 6 கறவை மாடுகளும் 1 வயதுள்ள 4 கிடாரிகளும் இருந்தன. விற்பனைச் செலவு போக மாடு ஒன்று 7,000 ரிங்கிட், கிடாரி ஒன்று 4,000 ரிங்கிட். மொத்தம் 58,000 ரிங்கிட். ஜூலை 1 அன்று 4 கன்றுகள் பிறந்தன. பிறந்த கன்றின் மதிப்பு 900 ரிங்கிட். அவற்றுள் 2 காளைக்கன்றுகளை அதே வாரத்தில் தலா 900 ரிங்கிட் கைக்கு வருமாறு விற்றார்கள். 2 பெண் கன்றுகளை வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் ஒரு கறவை மாடு நோயில் இறந்தது.

டிசம்பர் 31 அன்று எஞ்சிய 5 கறவை மாடுகளுக்கு, ஒரு வயது கூடிய நிலையில், தலா 6,900 ரிங்கிட். 2 வயதாகிவிட்ட 4 கிடாரிகளுக்குத் தலா 6,200. ஆறு மாதக் கன்றுகள் இரண்டுக்கும் தலா 2,000. மொத்தம் 63,300 ரிங்கிட். தொடக்கத்தைவிட 5,300 கூடுதல். அத்துடன் விற்ற கன்றுகளின் 1,800 ரிங்கிட்டும் கைக்கு வந்திருப்பதால், மந்தையால் இந்த ஆண்டு கிடைத்த ஆதாயம் 7,100 ரிங்கிட்.

இந்த எண்ணோடு நிறுத்திவிட்டால் கணக்கு சரிதான், ஆனால் பண்ணைக்காரருக்கு அதனால் பெரிய பயனில்லை. 7,100 ரிங்கிட்டில் சந்தை விலை ஏறியதால் வந்தது எவ்வளவு, மாடுகள் வளர்ந்ததாலும் ஈன்றதாலும் முதுமையடைந்ததாலும் இறந்ததாலும் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுமாறு தரநிலை ஊக்குவிக்கிறது. அது கட்டாயமன்று. ஆயினும் நான் எந்தப் பண்ணைக்கும் அதைச் செய்யாமல் விடுவதில்லை.

பிரிக்கும் வழி எளியது. ஆண்டு தொடக்கத்தில் இருந்த அதே வயது மாடு, ஆண்டு இறுதிச் சந்தையில் என்ன விலை போகும் என்று கேட்க வேண்டும். ஜனவரியில் 7,000 ரிங்கிட் பெற்ற கறவை மாட்டுக்கு ஒப்பான அதே வயது மாடு டிசம்பரில் 7,400 ரிங்கிட் என்றால், 400 ரிங்கிட் விலையேற்றம். ஆனால் நம் மாட்டுக்கு ஒரு வயது கூடிவிட்டதால் அது 6,900 ரிங்கிட்தான் பெறும். அந்த 500 ரிங்கிட் இறக்கம் உடலின் முதுமையால் வந்தது. 1 வயதுக் கிடாரி டிசம்பர் விலையில் 4,300 என்றால் விலையேற்றம் 300, அது 2 வயதுக் கிடாரியாக வளர்ந்ததால் கூடியது 1,900. பிறந்த கன்று டிசம்பர் விலையில் 950 என்றால் விலையேற்றம் 50, ஆறு மாத வளர்ச்சியால் 1,050.

| | விலையால் | உடல் மாற்றத்தால் | மொத்தம் |
|---|---|---|---|
| 5 கறவை மாடுகள் | 2,000 | −2,500 | −500 |
| 4 கிடாரிகள் | 1,200 | 7,600 | 8,800 |
| வைத்துக்கொண்ட 2 கன்றுகள் | 100 | 3,900 | 4,000 |
| விற்ற 2 கன்றுகள் | 0 | 1,800 | 1,800 |
| இறந்த மாடு | 0 | −7,000 | −7,000 |
| மொத்தம் | 3,300 | 3,800 | 7,100 |

கன்றுகளின் உடல் மாற்றத்தில் பிறப்பின்போது எழுதிய 900 ரிங்கிட்டும் சேர்ந்திருக்கிறது.

இந்த அட்டவணையை அவர் முன் வைத்தபோதுதான் பேச்சு மாறியது. 3,300 ரிங்கிட் சந்தை கொடுத்தது. அடுத்த ஆண்டு விலை இறங்கினால் சந்தையே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆதாயம் கறவை மாடுகளால் வரவில்லை, அவை முதுமையால் மதிப்பிழந்துகொண்டிருக்கின்றன. மந்தையின் மதிப்பைத் தாங்கி நிற்பவை நான்கு கிடாரிகள்தாம். இறந்த ஒற்றை மாடு ஏறத்தாழ நான்கு கிடாரிகளின் ஓராண்டு வளர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது. கையில் ரொக்கம் குறையும் மாதத்தில் கிடாரிகளை விற்று மாடுகளை வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தவர், அந்த வரிசையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடு இவ்வாறென்றால் பால் வேறு வகை. கறந்த அந்த நொடியில் பால் மாட்டிலிருந்து பிரிந்து 'வேளாண் விளைபொருள்' ஆகிறது. அப்போதைய நியாய மதிப்பிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்து வரும் தொகையில் அதனை ஒரே ஒருமுறை மதிப்பிட வேண்டும். ஒரு நாள் 50 லிட்டர் கறந்து, லிட்டர் 5 ரிங்கிட் என்றால், கறந்தவுடன் 250 ரிங்கிட் ஆதாயம் எழுதப்படுகிறது. அதே தொகை அந்தப் பாலின் அடக்க விலையாகவும் ஆகிவிடுகிறது. அன்று மாலையே 40 லிட்டரை அதே விலைக்கு விற்றால், விற்பனை வருமானம் 200, அடக்கமும் 200. விற்பனையில் லாபம் எதுவும் தெரியாது. புதியவர்கள் இதைப் பார்த்துக் கணக்கில் ஏதோ தவறு என்று எண்ணுவார்கள். லாபம் காணாமற்போகவில்லை, அது கறந்தபோதே எழுதப்பட்டுவிட்டது. மீதி 10 லிட்டரைத் தயிராக்கி 90 ரிங்கிட்டுக்கு விற்றால், 50 ரிங்கிட் அடக்கமும் உறையிட்ட செலவும் போக மிஞ்சுவது தயாரிப்பு லாபம். பால் கேனில் விழுந்த பிறகு நடப்பவை இந்தத் தரநிலைக்கு உட்பட்டவை அல்ல. அவற்றுக்குச் சாதாரணச் சரக்கிருப்பின் விதிகளே பொருந்தும்.

பாலின் விலை கறக்கும் நாளுக்குரியது என்பதைத் தைப்பூசக் காலத்தில் நன்றாக உணரலாம். பால்குடத்துக்காகப் பினாங்கில் புதுப்பாலின் தேவை கூடும் நாட்களில் விலை உயர்ந்தால், அந்த நாட்களில் கறந்த பாலுக்கு அந்த விலையைத்தான் எழுத வேண்டும். ஆண்டுச் சராசரியைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது. அதேபோல் தைப்பூச விலை டிசம்பர் 31 அன்றைய எந்த மதிப்பையும் தொடக் கூடாது.

தீவனச் செலவைப் பற்றித் தரநிலை ஏதும் விதிக்கவில்லை. புல், தவிடு, மருந்து ஆகியவற்றை அவ்வாண்டுச் செலவாகவே எழுதுவது வழக்கம். அவற்றை மாட்டின் மதிப்பில் ஏற்றினாலும், ஆண்டு இறுதியில் நியாய மதிப்புக்குக் கொண்டுவரும்போது அந்த அளவுக்கு ஆதாயம் குறைந்துவிடுவதால், நிகர லாபம் மாறாது.

வயலில் நிற்கும் நெல்லுக்கும் இதே கருத்துத்தான், சிறு வேறுபாட்டோடு. நெற்பயிர் ஒரே அறுவடையோடு முடிவதால் அது செம்பனை மரத்தைப் போல நிலைச் சொத்து ஆகாது. நாற்று நட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால், பெரிய வளர்ச்சி நிகழாத நிலையில், இதுவரை செய்த செலவையே நியாய மதிப்புக்கு ஒப்பாகக் கொள்ளத் தரநிலை இடமளிக்கிறது. கதிர் முற்றும் தறுவாயில் அது பொருந்தாது. நிற்கும் பயிருக்கென்று தனிச் சந்தை இராததால், எதிர்பார்க்கும் விளைச்சலின் வருமானத்திலிருந்து இன்னும் செய்ய வேண்டிய செலவுகளைக் கழித்து, அறுவடைவரை உள்ள காலத்துக்கு ஏற்ப அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காண வேண்டும்.

இந்தச் சிரமமெல்லாம் சிறு பண்ணைக்கும் கட்டாயமா என்று கேட்கலாம். 2016 முதல் தனியார் நிறுவனங்களுக்கென்று உள்ள எம்பெர்ஸ் தரநிலையில் ஒரு தளர்வு உண்டு. அளவுக்கு மீறிய செலவோ சிரமமோ இல்லாமல் நியாய மதிப்பை எளிதில் அறிய முடிகிற உயிரியல் சொத்துக்கு மட்டும் அந்த முறை, மற்றவற்றை அடக்க விலையிலிருந்து தேய்மானத்தையும் மதிப்பிழப்பையும் கழித்துக் காட்டலாம். ஆனால் மாட்டுக்கு அக்கம்பக்கத்திலேயே வாங்குவோரும் விற்போரும் இருக்கும்போது, "மதிப்பை அறிய முடியவில்லை" என்று சொல்வதை என்னால் எளிதில் ஏற்க முடிவதில்லை. எம்எஃப்ஆர்எஸ் 141 இன்னும் கண்டிப்பானது. நியாய மதிப்பை நம்பகமாக அளக்க முடியாது என்ற வாதத்தை, சொத்து முதன்முதலாகக் கணக்கில் ஏறும்போது மட்டுமே முன்வைக்கலாம். ஒருமுறை நியாய மதிப்பில் காட்டிவிட்டால், விற்கும்வரை அதில்தான் தொடர வேண்டும்.

விலை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தலைக்கணக்கு தவறினால் எல்லாம் தவறும். எனக்கு அது ஒரு ஜனவரி 3 அன்று விடியற்காலையில் நன்றாகவே உறைத்தது. காலைக் கறவையின்போது எல்லா மாடுகளும் கட்டுத்தறிக்கு வரும் என்பதால் அந்த நேரத்தில் எண்ணச் சென்றோம். ஏட்டில் 34 தலைகள். கறவை வரிசையில் காதில் தொங்கிய எண் வில்லைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் குறித்தோம். 26 இருந்தன. பால் வற்றிய மாடுகள் பின்கொட்டகையில் தனியாகக் கட்டப்பட்டிருந்தன, அவை 5. கன்றுக் கொட்டடியில் 2. ஆக 33. ஏட்டிலிருந்த 17ஆம் எண் மாடு எங்குமில்லை. அக்டோபரில் இறந்ததைப் பண்ணையாள் வாய்மொழியாகச் சொன்னதோடு சரி, எவரும் ஏட்டில் அடிக்கவில்லை. அதைவிட நுட்பமான இன்னொன்றும் இருந்தது. கொட்டடியிலிருந்த கன்றுகளில் ஒன்று முந்தின நாள்தான் பிறந்தது. கணக்கு டிசம்பர் 31க்கு உரியது என்பதால் அந்தக் கன்றைக் கழிக்க வேண்டும், ஆனால் ஏட்டிலோ அது ஏற்கெனவே ஏறியிருந்தது. சரியான எண்ணிக்கை 32.

அன்றிலிருந்து நான் ஏட்டையும் கொட்டகையையும் ஒப்பிடுவதோடு நிறுத்துவதில்லை. சினை ஊசி போட்ட குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்கிறேன். மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். மார்ச் முதல் வாரத்தில் ஊசி போட்டுச் சினை உறுதியான மாடு டிசம்பர் நடுவில் ஈன்றிருக்க வேண்டும். ஏட்டில் கன்று இல்லையென்றால் அது கருச்சிதைவா, செத்துப் பிறந்ததா, பிறந்து எழுதாமலே விற்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். பிறகு பால் அளவுக் குறிப்பேட்டைப் பார்க்கிறேன். ஏட்டின்படி அத்தனை மாடுகள் கறவையில் இருந்தும் அக்டோபரிலிருந்து அன்றாடப் பால் ஒரு மாட்டின் அளவுக்குத் திடீரெனக் குறைந்து மீளவே இல்லையென்றால், ஒரு மாடு வற்றியிருக்கிறது, அல்லது அங்கே இல்லை. 17ஆம் எண்ணின் இறப்பு அந்தக் குறிப்பேட்டில் அக்டோபர் இரண்டாம் வாரத்திலேயே வெளிப்பட்டிருந்தது.